சுவத்துல ஒட்டின கல்லு விழுந்தா முதல்ல அதுட முதுகப் பாருங்க

வீட்டு முன்சுவத்துல ஒட்டின கிரனைட் கல்லு ஒண்டு விழுந்திட்டா எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி "எந்தப் பசை போட்டா விழாது?" எண்டுதான். காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று எண்டு எங்க போனாலும் இதுதான் கேள்வி. ஹார்ட்வெயார்க் கடைக்காரரும் இன்னும் விலை கூடின பேக் ஒண்ட எடுத்துக் குடுப்பார், மேசன் அதக் குழைச்சு விழுந்த கல்லத் திருப்பி ஒட்டுவார், அடுத்த வருசம் பக்கத்துக் கல்லு விழும்.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்க. 600க்கு 300 மில்லிமீற்றர், 20 மில்லிமீற்றர் தடிப்பு, இந்த அளவுக் கிரனைட் துண்டு ஒண்டு கிட்டத்தட்ட 10 கிலோ வரும். பேக்ல சி2 எண்டு போட்டிருக்கிற பசைக்கு ஆய்வுகூடத்துல இழுத்துப் பார்க்கிற அளவு சதுர மில்லிமீற்றருக்கு 1 நியூட்டன், அதாவது ஒரு சதுர சென்ரிமீற்றர் பசை, கட்டைவிரல் நகத்தளவுதான், அது மட்டுமே 10 கிலோ இழுப்பத் தாங்கும். உங்கட கல்லுட முதுகுல அப்படி 1800 சதுர சென்ரிமீற்றர் இருக்கு. ஆகப் பசைக்குப் பலம் காணாம, பாரம் கூடித்தான் கல்லு விழுந்தது எண்டு சொன்னா கணக்கு ஒத்து வராது. ஒண்டு பசை பிடிக்கவே இல்ல, இல்லாட்டிப் பிடிச்சதப் பின்னால இருந்து எதோ ஒண்டு தள்ளியிருக்கு. எது எண்டு விழுந்த கல்லுட முதுகும் அது விட்டுட்டுப் போன சுவரும் சேர்ந்து சொல்லும். அதனால விழுந்த துண்ட வீசிப் போடாதீங்க, உடைஞ்சிருந்தாலும் பொறுக்கி வைங்க, முதுகக் கழுவ வேணாம், சுவரையும் கல்லையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் போட்டோ எடுங்க.

அதுக்கும் முதல், கீழ ஆக்கள் நடக்கிற இடத்தக் கயிறு கட்டி மறைங்க. ஒரு கல்லு விழுந்த சுவத்துல அடுத்த கல்லும் லூசாத்தான் இருக்கும், மேல் மாடியில இருந்து வாற 10 கிலோக் கல்லு ஆளக் கொல்லும். வாசலுக்கு மேல எண்டா அந்த வாசலப் பூட்டிப் போட்டுப் பின் வாசலால போங்க, வெக்கப்பட ஒண்டுமில்ல. பொறகு சாரத்துல ஏறி எல்லாக் கல்லையும் சுத்தியல்ட மரப்பிடியால மெல்லத் தட்டிப் பாருங்க. பிடிச்ச கல்லு கட்டியாச் சத்தம் போடும், பிடிக்காதது டொக் டொக் எண்டு வெறுமையாக் கேக்கும், வெறுமையான இடத்துல சோக்கால வட்டம் போட்டுக்கொண்டு வாங்க. முடிய இறங்கித் தூர நிண்டு அந்த வட்டமெல்லாம் எப்படிக் கிடக்கு எண்டு பாருங்க. ஒரே நேர்கோட்டுல கிடக்கா, மேல் விளிம்புல மட்டுமா, வெயில் படுற சுவத்துல மட்டுமா, அங்கொண்டு இங்கொண்டாச் சிதறிக் கிடக்கா? இந்தப் படம்தான் பாதிப் பதில்.

கல்லுட முதுகு வெறுமை, பசை முழுக்கச் சுவத்துல

இதுதான் நான் ஆகக் கூடுதலாக் காணுறது, இதுக்குள்ளயே மூண்டு காரணம் இருக்கு, மூண்டையும் பிரிச்சுப் பார்க்கணும்.

சுவத்துல இருக்கிற பசையில கரண்டிப் பல்லு இழுத்த வரி வரியா அப்படியே நசுங்காம நிக்குதா? அப்ப கல்லு வைக்க முதலே பசைக்குத் தோல் கட்டியிருக்கு. நம்மட பக்கத்துல ஜூன், ஜூலை, ஓகஸ்ட்ல கச்சான் காத்து அடிக்கும், நெருப்புக் காத்து மாதிரி இருக்கும், பசையில இருக்கிற தண்ணிய மேலால இருந்து உறிஞ்சிடும். நல்ல பசைக்குப் பேக்ல 20 நிமிசம், 30 நிமிசம் எண்டு போட்டிருப்பாங்க, ஆனா அது குளிரான, காத்தில்லாத இடத்துல அளந்தது, கச்சான் காத்துலயும் மத்தியான வெயில்லயும் அதுல கால்வாசியும் கிடைக்காமப் போகலாம். மேசன் ஒரு சதுர மீற்றருக்கு ஒரே தடவையில பசைய இழுத்து வச்சுட்டுக் கல்லு வெட்டப் போனா, வந்து வைக்கிறப்ப உள்ள பச்சையா இருந்தாலும் மேல் பக்கம் காய்ஞ்சிருக்கும், அழுத்திறப்ப வைக்கிற இடத்துல நிக்கிறதால பிடிச்ச மாதிரியே தெரியும். பார்க்கிற வழி சிம்பிள், பசையில விரலை வச்சு எடுங்க, விரல்ல ஒட்டினாப் போடலாம், விரல் வெறுமையா வந்தா அத வழிச்சுப் போட்டுப் புதுசு இழுங்க. காய்ஞ்சதுக்கு மேல தண்ணி தெளிச்சு, வாளிக்குள்ள இறுகினதுக்குத் தண்ணி விட்டுப் பிசைஞ்சு எடுக்கிற வேலை எல்லாம் வேணாம், இறுகத் தொடங்கின சீமெந்து திரும்பப் பிடிக்காது.

வரி நசுங்கியிருக்கு, ஆனா கல்லுட முதுகைத் தடவினா விரல்ல சாம்பல் நிறத்துல மா மாதிரி ஒட்டுதா? அது கல்லு அறுத்த தூள். அறுக்கிறப்பத் தண்ணியோட போய் முதுகுல படிஞ்சு காய்ஞ்சிருக்கும், பசை அந்தத் தூளைத்தான் பிடிச்சிருக்கு, கல்லப் பிடிக்கல. கம்பித் தூரிகையால தேய்ச்சு, நல்ல தண்ணியால கழுவி, ஈரப்பொலிவு போற அளவுக்குக் காய விட்டு ஒட்டுங்க. நல்ல தண்ணி எண்டு சொல்றதக் கவனிங்க, கரையோரக் கிணத்துல உப்புத் தண்ணி எண்டா கழுவவும் குழைக்கவும் குழாய்த் தண்ணி எடுங்க.

மூண்டாவது, கல்லுட முதுகு பளபளப்பா, உள்ளால நூல் வலை மாதிரி தெரியுதா? இப்ப வாற மெல்லிசான கல்லு கனக்க அப்படித்தான் வருது, ஏத்தி இறக்கிறப்ப வெடிக்காம இருக்கிறதுக்கு முதுகுல கண்ணாடி நூல் வலைய ரெசின் போட்டு ஒட்டி அனுப்புவாங்க. அந்த ரெசின் பிளாஸ்டிக் மாதிரி, சீமெந்துப் பசைக்கு அதுல பிடிக்க ஒண்டுமில்ல, கொஞ்ச நாள் நிண்டு பொறகு ஒரு வெயில் காலத்துல முழுசாக் கழண்டு வந்திடும். கத்தி முனையால சுரண்டிப் பாருங்க, நூல் கிளம்பினா வலைதான். இந்தக் கல்லுக்கு எப்பொக்சிப் பசை போடணும். இல்லாட்டி முதுகுல எப்பொக்சிய மெல்லிசாப் பூசி, பச்சையா இருக்கிறப்பவே பெருமணலத் தூவி, அடுத்த நாள் ஒட்டாத மணலத் தட்டிப் போட்டு, அந்தச் சொரசொரப்புல சீமெந்துப் பசை போடலாம். வலைய கிரைண்டரால அரைச்சு எடுக்கிறதும் ஒரு வழிதான், ஆனா வலை இருக்கிறதாலதான் வெடிக்காம நிக்கிற கல்லும் இருக்கு, நாலஞ்சு துண்ட அரைச்சுப் பார்த்துட்டு முடிவெடுங்க.

பசை கல்லோட வந்திட்டு, சுவர் வெறுமை

பசையிட வெளிப்பக்கத்துல பெயிண்ட் தோல் ஒட்டியிருக்கா பாருங்க. பழைய வீட்டுக்குப் பெயிண்டுக்கு மேலயே கல்லு ஒட்டிறது நடக்கிற கூத்துத்தான், பெயிண்ட் எவ்வளவு இறுக்கமோ கல்லும் அவ்வளவுதான் இறுக்கம். இல்லாட்டிச் சீமெந்துத் தண்ணி தடவி வழுவழுப்பா முடிச்ச பூச்சா இருக்கும். பெயிண்ட முழுக்க எடுத்து, பூச்சக் கொத்திச் சொரசொரப்பாக்கி, தூசு கழுவி ஒட்டினாச் சரி.

கல்லு, பசை, பூச்சு மூண்டும் சேர்ந்து தடிப்பா வந்திருக்கு

இந்த இடத்துல கொஞ்சம் நிண்டு பார்ப்பம், ஏனெண்டா இதுல பசைய மாத்தி ஒரு பிரயோசனமும் இல்ல, கல்லு ஒட்டினவரும் குத்தவாளி இல்ல.

கல்முனைப் பக்கம் ஒரு ரெண்டு மாடி வீடு. முன்சுவர் மேற்குப் பக்கம், கரும் நிறக் கிரனைட், நான் மேல சொன்ன அதே 600க்கு 300 அளவு, சுவர் 6 மீற்றர் அகலம். ஒரு ஓகஸ்ட் மாசம் பின்னேரம் மேல் மாடித் தளத்துக்கு நேரா மூண்டு கல்லு பக்கத்துல பக்கத்துல விழுந்திட்டு, வீட்டுக்கார நானாட கார் நிண்ட இடம், ஆள் இல்லாததால தப்பிச்சு. நான் போறப்ப நானா சொன்னது "பசைப் பேக் பழசாக்கும், தம்பி, டேற் முடிஞ்சதக் குடுத்திட்டாங்க". துண்டத் திருப்பிப் பார்த்தன், முதுகுல பசை நல்ல முழுசா இருக்கு, பசைக்குப் பின்னால ஒண்டரை, ரெண்டு சென்ரிமீற்றர் பூச்சு அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருக்கு. பூச்சுட பின்பக்கத்தக் கையால தடவினா கண்ணாடி மாதிரி வழுவழுப்பு, வெயிலுக்குச் சரிச்சுப் பிடிச்சுப் பார்த்தா அதுல பிளைவுட் பலகையிட மரவரி அச்சாப் பதிஞ்சிருந்திச்சு. சாரத்துல ஏறிப் பார்த்தா சுவத்துலயும் அதே மரவரி, கொங்கிறீட்ல.

அதாவது அந்த இடத்துல பின்னால இருக்கிறது கல்லுக்கட்டு இல்ல, கொங்கிறீட் பீம். பலகை அடிச்சு, பலகைக்கு எண்ணெய் தடவி வார்த்த பீம். பலகையக் கழட்டின கையோட அந்த எண்ணெய் வழுக்கலுக்கு மேலயே பூச்சடிச்சிருக்காங்க, கொத்தவுமில்ல, சீமெந்துச் சாந்து வீசவுமில்ல. பக்கத்துச் சீமெந்துக் கல்லுச் சுவத்துல பூச்சு நல்லாப் பிடிச்சிருக்கு, பீம்ல மட்டும் சும்மா சாய்ஞ்சுகொண்டு நிண்டிருக்கு. பெயிண்ட் மட்டும் அடிச்சிருந்தா அந்தப் பூச்சு இன்னும் கன வருசம் நிண்டிருக்கும், அதுக்கு மேல சதுர மீற்றருக்கு 54 கிலோக் கல்லத் தூக்க வச்சாங்க, அதுதான் பிரச்சினை.

தட்டிப் பார்த்த வட்டமும் அதையே சொல்லிச்சு. வெறுமைச் சத்தம் எல்லாம் பீம் போற உயரத்துல ஒரே கோடா, சுவர் முழு அகலத்துக்கும், கீழயும் மேலயும் ஒண்டு ரெண்டு தவிரச் சரி. வெறுமைச் சத்தம் இப்படி நேர்கோட்டுல ஒரு மாடி உயரத்துல கேட்டா பீம், நிலைக்குத்தாக் கேட்டா தூண், அதுக்குப் பசைக் கடைக்குப் போகாதீங்க.

ஏன் ஓகஸ்ட் பின்னேரத்துல விழுந்தது எண்டும் பார்க்கணும். கரும் கிரனைட் மேற்கு வெயில்ல கை வைக்க ஏலாத அளவுக்குச் சுடும், பின்னால இருக்கிற பீம் அவ்வளவு சுடாது. கிரனைட் ஒரு பாகை ஏற மீற்றருக்கு 0.008 மில்லிமீற்றர் நீளும், காலையில இருந்து பின்னேரத்துக்குள்ள 40 பாகை ஏறினா 6 மீற்றர் சுவத்துல கிட்டத்தட்ட 2 மில்லிமீற்றர். கல்லுக்குக் கல்லு இடைவெளியே விடாம முட்ட முட்ட வச்சிருந்தாங்க, பார்க்க ஒரே பலகை மாதிரி வடிவா இருக்கணும் எண்டு கேட்டிருக்காங்க, அந்த 2 மில்லிமீற்றருக்குப் பக்கவாட்டுல போக இடமில்ல, முன்னால தள்ளுறதத் தவிர. பிடிப்பு இல்லாத இடம் பீம், அங்க தள்ளிச்சு.

திருத்தினது இப்படி. பீம் உயரத்துக்கு மேலயும் கீழயும் ஒவ்வொரு வரி சேர்த்துக் கல்லெல்லாம் கழட்டினம், நல்லா நிண்டதையும் சேர்த்துத்தான், நானாக்கு அதுல கொஞ்சம் மனக்கஷ்டம். பூச்ச முழுக்க எடுத்து, கொங்கிறீட் முகத்த உளி வச்சுக் கிட்டக் கிட்டக் கொத்தி, கம்பித் தூரிகை போட்டுக் கழுவி, சீமெந்து ஒண்டுக்குப் பெருமணல் ரெண்டு எண்டு தண்ணியாக் கலந்து, அதுக்குள்ள பூச்சு ஒட்டுற பால் திரவமும் விட்டுக் கரண்டியால வீசி அடிச்சம். அது முள்ளு முள்ளா நிண்டு காயணும், தடவி விடக் கூடாது. தண்ணி தெளிச்சுப் பதப்படுத்தி, பொறகு பூச்சு, பூச்சு மூண்டு கிழமை காய்ஞ்சாப் பொறகுதான் கல்லு. கல்லுக்குக் கல்லு 5 மில்லிமீற்றர் இடைவெளி, சுவர்ட நடுவுல ஒரு நிலைக்குத்து மூட்டு, பீம் அடியில ஒரு கிடை மூட்டு, ரெண்டும் 10 மில்லிமீற்றர், சீமெந்து போடாம ரப்பர் மாதிரி இழுபடுற சீலன்ட் போட்டம். சாதாரணச் சிலிக்கன் கல்லுல எண்ணெய்க் கறை மாதிரி இறங்கும், கல்லுக்கெண்டு வாற கறை பிடிக்காததக் கேட்டு வாங்குங்க. இந்த மூட்டு பசைக்கும் பூச்சுக்கும் உள்ளால சுவர் வரை போகணும், மேலால கோடு கீறினாக் காணாது. பொதுவா மூண்டுல இருந்து நாலரை மீற்றருக்கு ஒண்டு, பிறகு உள்மூலை, மாடித் தளம், கொங்கிறீட்டும் கல்லுக்கட்டும் சேருற இடம், அங்கெல்லாம் வேணும்.

முதுகுல அஞ்சு பொட்டுப் பசை

நாலு மூலைக்கும் நடுவுக்கும் ஒவ்வொரு உருண்டை வச்சு அழுத்திறது. சுவர் நேரில்லாட்டி உருண்டையில மட்டம் எடுக்கிறது லேசு, அதனாலதான் செய்றாங்க. உள்ளுக்கு ஓரளவுக்கு நிக்கும், வெளிச்சுவத்துக்குச் சரிவராது. பொட்டுக்கும் பொட்டுக்கும் இடையில இருக்கிற வெறுமைக்குள்ள மாரி மழை, ஒக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும் வாடைக் காத்தோட அடிக்கிற மழை, இறங்கி நிக்கும், வெயில் வர அது உப்போட வெளிய வரும். கல்லுல தண்ணிக் கறை வட்ட வட்டமா, அஞ்சு இடம் ஒரு நிறம் மத்த இடம் ஒரு நிறமாத் தெரிஞ்சா பின்னால பொட்டுத்தான், கழட்டாமலே சொல்லலாம்.

வெளியில பசை முழு முதுகுக்கும் இருக்கணும், 95 வீதத்துக்குக் குறையக் கூடாது, மூலை நாலும் கட்டாயம். சுவத்துல 10 அல்லது 12 மில்லிமீற்றர்ப் பல்லுக் கரண்டியால ஒரே பக்கமா நேர் வரியா இழுங்க, வட்டமாச் சுழட்டினாக் காத்து உள்ள அடைபடும். கல்லுட முதுகுலயும் கரண்டிட தட்டைப் பக்கத்தால மெல்லிசா ஒரு பூச்சு அழுத்தித் தேய்ங்க. பொறகு கல்ல வச்சு வரிக்குக் குறுக்கால கொஞ்சம் முன்னும் பின்னும் தள்ளி அழுத்துங்க, அப்பத்தான் வரி சாய்ஞ்சு நிரம்பும். சுவர் நேரில்லாட்டிப் பூச்சுல நேராக்குங்க, பசையில நேராக்க வேணாம்.

கல்லுல வெள்ளையா உப்புப் பூக்குது, இன்னும் விழல்ல

விழாட்டியும் இது முன்னறிவிப்பு, பின்னால தண்ணி போகுது. துடைச்சா மழைக்குப் பொறகு திரும்ப வரும், அதனால உப்போட சண்டை பிடிக்காமத் தண்ணி எங்கால வருது எண்டு தேடுங்க. முக்கால்வாசி மேல் விளிம்புதான், பரப்பெட் சுவத்துட தலையில மூடுகல் இல்லாம, அல்லது இருந்தும் அது உள்ளுக்குச் சாய்ஞ்சு, கல்லுக்கும் சுவத்துக்கும் இடையில தண்ணி இறங்கும். மூடுகல்ல வெளிய நீட்டி, நீட்டினதுட அடியில தண்ணி சொட்டிப் போக ஒரு கீறு வெட்டி விடுங்க. கீழ் வரியில மட்டும் பூத்தா நிலத்தால ஏறுற ஈரம், நம்மட பக்கம் மாரியில முத்தமெல்லாம் தண்ணி நிக்கிற இடம், முதல் வரியை நிலத்துல முட்ட விடாம ஒரு சாண் மேல தொடங்குங்க. சுவர் முழுக்கச் சமனாப் பூத்தா பூச்சு மணலச் சந்தேகப்படுங்க, கழுவாத கடல் மணல்ல அடிச்ச பூச்சு எண்டா கல்லுக்குப் பின்னால உப்பு மணி மணியாக் கட்டிப் பசையக் கிளப்பும், அதுக்குப் பூச்ச எடுக்கிறதத் தவிர வேற வழி இல்ல.

கல்லே ரெண்டா உரிஞ்சு, பாதி சுவத்துல பாதி நிலத்துல

படை படையா இருக்கிற சிலேட் மாதிரிக் கல்லுல வரும். பசை தன்ட வேலையச் செய்திருக்கு, கல்லுதான் தன்ட படையில பிரிஞ்சிட்டு. வாங்கிறப்பவே விளிம்ப நகத்தால கிளப்பிப் பாருங்க, கிளம்பினா அந்தக் கல்ல உயரத்துல வைக்காதீங்க.

கிளாம்ப் போட்ட கல்லுட விளிம்புல துருக்கறை, ஓட்டையடியில வெடிப்பு

மூண்டு மீற்றருக்கு மேல போற கல்லு, 30 மில்லிமீற்றர்த் தடிப்பான கல்லு, வாசலுக்கு மேல வாற கல்லு, இதெல்லாம் பசைய மட்டும் நம்பி விட வேணாம், கிளாம்பும் வேணும் எண்டதுதான் என்ட நிலை. கிளாம்ப் எண்டா சுவத்துல ஆங்கர் போல்ட்டால இறுக்கிற உலோகப் பிடி, அதுட ஊசி கல்லுட விளிம்புல போட்ட ஓட்டைக்குள்ள போய்க் கல்லப் பிடிக்கும். 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பை என்ன செய்தது எண்டு கண்ட ஆக்கள் இன்னும் இருக்காங்க. ஆனா கிளாம்ப் போட்டிட்டா நிம்மதி எண்டும் இல்ல, பிழையாப் போட்டா பசையிலயும் மோசம்.

துருக்கறைதான் முதல் அடையாளம். கடல் ஒரு பக்கம் ஆறு ஒரு பக்கம், நம்மட காத்துல உப்பு. சாதாரண இரும்பும், வெள்ளி மாதிரி மினுங்கிற துத்தநாகம் பூசின இரும்பும் இதுல நிக்காது. துரு வந்தா இரும்புட பருமன் பல மடங்கு பெருக்கும், கல்லு ஓட்டைக்குள்ள பெருத்தா கல்லுட விளிம்பு வெடிக்கும், வெடிச்சா ஊசிக்குப் பிடிமானம் இல்ல, கல்லு போயிட்டு. ஸ்டெயின்லெஸ்லயும் 316 கேளுங்க, 304 கடற்கரையில புள்ளி புள்ளியாத் துருப் பிடிக்கும். காந்தம் வச்சுப் பார்த்து 'இது ஒட்டல்ல, நல்லது' எண்டு சொல்லுவாங்க, காந்தம் சாதாரண இரும்பக் காட்டிக் குடுக்கும், 304ஐயும் 316ஐயும் பிரிச்சுக் காட்டாது. 316க்குள்ள இருக்கிற மொலிப்டினத்தக் காட்டுற சொட்டு மருந்து இருக்கு, பெரிய வேலையெண்டா வெல்டிங் பட்டறைக்காரரிட்டக் கேட்டு ரெண்டு துண்டுக்குப் போட்டுப் பாருங்க.

கறை இல்ல, ஆனா ஓட்டையடியில அரைவட்டமாச் சில்லு கிளம்பியிருக்கு எண்டா, ஓட்டை கல்லுத் தடிப்புட நடுவுல இல்ல, அல்லது கல்லு மெல்லிசு, அல்லது ஊசிக்கு அசைய இடமில்ல. ஊசி போற ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் 10 மில்லிமீற்றர்க் கல்லாவது மிஞ்சணும், அதனாலதான் 30 மில்லிமீற்றர்த் தடிப்புக் கேக்கிறது. ஓட்டை 30 மில்லிமீற்றர் ஆழம், ஊசி உள்ள 25க்குக் குறையாம, மூலையில இருந்து கல்லுத் தடிப்புட ரெண்டரை மடங்காவது தள்ளி. அடிக்கிற ட்ரில்லால ஓட்டை போட வேணாம், சுத்திற டயமண்ட் பிட் போடுங்க, அடிச்சு ஓட்டை போட்டா கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அண்டைக்கே வந்திடும். ஊசிய ஒரு கல்லுக்குள்ள இறுக்கி, மத்தக் கல்லுக்குள்ள பிளாஸ்டிக் குழாய்க்குள்ள போட்டு விடுங்க, அப்பத்தான் வெயிலுக்கு வழுக்கி நீளலாம். ஒரு கல்லுக்கு நாலு பிடி, ரெண்டு பாரம் தாங்க, ரெண்டு முன்னால சாயாமப் பிடிக்க.

கல்லு பிரச்சினையில்ல, கிளாம்பே சுவத்தோட ஆடுது எண்டா ஆங்கர் போட்ட இடம் பிழை. ஓட்டைச் சீமெந்துக் கல்லுல விரியுற போல்ட் போட்டா உள்ளுக்குச் சுவர்த்தோல உடைச்சுப் போட்டுச் சும்மா சுத்தும், இறுக்கிறப்ப ஸ்பானர் பாரமாகாமச் சுத்திக்கொண்டே போனா அந்த ஓட்டைய விட்டுடுங்க. பீம்லயும் தூண்லயும் போடுங்க, ஏலாட்டி வலைக் குழாய் வச்சு கெமிக்கல் ஆங்கர். இதுக்கும் மேல எண்டா பீமுக்குப் பீம் ஸ்டெயின்லெஸ் சட்டம் அடிச்சுத்தான் கல்லத் தூக்கணும், அதுக்கு எஞ்ஜினியர் ஒருவர்ட கணக்கு வேணும்.

20 மில்லிமீற்றர்க் கல்லுக்கு ஊசி ஓட்டை சரிவராது. அதுக்கு நாங்க செய்றது பசை முழுசாப் போட்டு, கூடவே கல்லுட மேல் விளிம்புக்குக் கிட்ட முதுகுல கிரைண்டரால சரிவா ஒரு வெட்டு வெட்டி, அதுக்குள்ள ஸ்டெயின்லெஸ் கம்பிய எப்பொக்சியால பதிச்சு, மத்த நுனியச் சுவத்துல ஸ்டெயின்லெஸ் ஸ்குரூவோட இறுக்கிறது, கல்லுக்கு ரெண்டு. கல்முனை வீட்டுலயும் பீமுக்கு மேல இருந்த கல்லுக்கெல்லாம் அப்படித்தான் போட்டம். பசை விட்டாலும் கல்லு தொங்கும், விழாது, தொங்கிறதக் கண்டு ஆள் கூப்பிட நேரம் கிடைக்கும்.

திருப்பி ஒட்டுறப்ப

மேற்குச் சுவர் காலையில, கிழக்குச் சுவர் பின்னேரம், கச்சான் காத்துக் காலமெண்டா சாரத்துக்குத் தறப்பாள் கட்டி மறைச்சுட்டுத்தான். பேக்ல சி2வோட எஸ்1 எண்டும் போட்டிருக்கா பாருங்க, எஸ்1 எண்டா இறுகினாப் பொறகும் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும், வெயில் படுற சுவத்துக்கு அது வேணும். தண்ணி பேக்ல சொன்ன அளவு, குழைச்சு அஞ்சு நிமிசம் விட்டுத் திரும்ப ஒருக்காக் கலக்கிப் போட்டு எடுங்க.

வேலை நடக்கிறப்ப வீட்டுக்காரர் கட்டாயம் கேக்க வேண்டிய விசயம் ஒண்டு இருக்கு. காலையில வச்ச முதல் கல்லுகள்ல ஒண்ட, வச்ச கையோட, பசை பச்சையா இருக்கிறப்பவே கழட்டித் திருப்பிக் காட்டச் சொல்லுங்க, காத்து எழும்பினாப் பொறகு இன்னொண்டையும் கழட்டச் சொல்லுங்க. மேசன் முகம் சுழிப்பார், பரவாயில்ல, நல்ல மேசனெண்டா அவரே கழட்டிக் காட்டுவார். நாலு மூலைக்கும் பசை போயிருக்கா, வரி நசுங்கியிருக்கா, கல்லுலயும் சுவத்துலயும் ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கா எண்டு பாருங்க. மூலையில வெறுமை இருந்தா அந்தக் கல்லக் கழுவி, சுவத்துப் பசையையும் வழிச்சுப் போட்டு, அதுக்குப் பக்கத்துல அதே இழுவையில வச்ச மத்தக் கல்லையும் இறுக முதல் கழட்டச் சொல்லுங்க.